பயாஸ் ஸ்டெபிலிட்டி ஃபேக்டர்: வைவாவில் கேட்கும் கேள்விகளும் சொல்ல வேண்டிய பதில்களும்

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் லேப் வைவாவில் "ஃபிக்ஸட் பயாஸுக்கு ஸ்டெபிலிட்டி ஃபேக்டர் S எவ்வளவு?" என்ற முதல் கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். "ஏன் அப்படி வருகிறது? உங்க சர்க்யூட்ல எவ்வளவு வருது?" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். ஃபிக்ஸட், கலெக்டர்-டு-பேஸ், வோல்டேஜ் டிவைடர் என்ற மூன்று பயாஸ் முறைகளுக்கும் மூன்று சூத்திரங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ததன் விளைவு இது. மூன்றுமே ஒரே சமன்பாட்டிலிருந்து வருபவை. அதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ரெசிஸ்டர் மதிப்புகளைப் போட்டுப் பார்த்துவிட்டால், எந்தத் திசையிலிருந்து கேட்டாலும் பதில் சொல்லலாம்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரெக்கார்டு நோட்டில் மூன்று சர்க்யூட்டுகளும் ரெசிஸ்டர் மதிப்புகளுடன் வரையப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் நான்கு எண்களை எழுதுங்கள்: நீங்கள் எடுத்துக்கொண்ட β, கணக்கில் வந்த IC, மீட்டரில் அளந்த VCE, பிறகு S. தேர்வாளர் ரெக்கார்டைத் திறந்ததும் கண் முதலில் போவது இங்கேதான். S-ன் சூத்திரம் மட்டும் இருந்து எண் இல்லையென்றால், அதையே கேள்வியாகக் கேட்பார்.

வீட்டிலேயே ஒருமுறை கட்டிப் பார்க்க விரும்பினால் அதிகம் செலவாகாது. பிசி 547 டிரான்சிஸ்டரும் கால் வாட் ரெசிஸ்டரும் ஒன்று சில ரூபாய்க்குள் கிடைக்கும். பிரெட்போர்டும் டிஜிட்டல் மல்டிமீட்டரும் கடன் வாங்கினாலும் போதும். டிரான்சிஸ்டரில் மட்டும் நான்கைந்தாக வாங்குங்கள். ஒரே கடையில் வாங்கினாலும் β வேறுவேறாக இருக்கும், நமக்கு வேண்டியதும் அந்த வேறுபாடுதான். கூடவே ஒரு 10 மெகா ஓம் ரெசிஸ்டரும் வாங்குங்கள், ஏன் என்பது 6-ம் படியில் வரும். மூன்று சர்க்யூட்டையும் கட்டி அளக்க ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே உதாரணம்தான்: VCC 12 வோல்ட், IC சுமார் 2 மில்லி ஆம்பியர், VBE 0.7 வோல்ட், β 200. பிசி 547-ன் B வகையில் β 200 முதல் 450 வரை இருக்கலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. அதனால் டிரான்சிஸ்டரை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க β 400-ஐயும் எடுத்துக்கொள்வோம்.

2. ஒரே சமன்பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"ஸ்டெபிலிட்டி ஃபேக்டர்னா என்ன?"

β-வும் VBE-யும் மாறாமல் இருக்கும்போது, லீக்கேஜ் கரண்ட் ICO சிறிது மாறினால் கலெக்டர் கரண்ட் IC அந்த மாற்றத்தைப்போல் எத்தனை மடங்கு மாறும் என்பதே S. "β-வும் VBE-யும் மாறாமல்" என்ற பகுதியை விடாமல் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.

"எங்கிருந்து வருது இது?"

காமன் எமிட்டரில் கலெக்டர் கரண்டை எழுதி, அதை IC-யைப் பொறுத்து வகையிட வேண்டும்.

```
IC = β·IB + (1 + β)·ICO
1  = β·(dIB/dIC) + (1 + β)/S
S  = (1 + β) / (1 − β·(dIB/dIC))
```

கடைசி வரிதான் முழு வைவாவுக்கும் சாவி. எந்த பயாஸ் முறையைக் கொடுத்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: IC கூடும்போது IB எவ்வளவு குறைகிறது? பேஸ் பக்கத்து லூப்புக்கு கிர்ச்சாஃப் சமன்பாடு எழுதி dIB/dIC-ஐ எடுங்கள். அது நெகட்டிவாக வந்தால் கீழே உள்ள எண் 1-ஐவிடப் பெரிதாகும், S குறையும்.

இங்கே ஒரு பொறி உண்டு. "S எவ்வளவு இருந்தால் நல்லது?" என்று கேட்டால் பலர் "பூஜ்யம்" என்பார்கள். அது தவறு. ICO-வே கலெக்டர் கரண்டின் ஒரு பகுதி என்பதால், பேஸ் பக்கம் எவ்வளவு நன்றாகத் திருத்திக்கொண்டாலும் இந்தச் சர்க்யூட்டுகளில் S 1-க்குக் கீழே போகாது. 1-ஐ நெருங்குவதுதான் நல்லது. S-க்கு அலகு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

3. ஃபிக்ஸட் பயாஸ்

பேஸுக்கு ஒரே ரெசிஸ்டர் RB, நேராக VCC-யிலிருந்து வருகிறது. நம் உதாரணத்தில் RB 1.1 மெகா ஓம், RC 3.3 கிலோ ஓம்.

"இதுல S ஏன் 1+β?"

IB = (VCC − VBE)/RB. இதில் IC எங்கேயும் இல்லை. IC எவ்வளவு ஏறினாலும் பேஸுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வழியே இல்லை. ஆகவே dIB/dIC பூஜ்யம், S = 1 + 200 = 201.

இதோடு நிறுத்தாமல் டிரான்சிஸ்டரை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். β 200 என்றால் IB 10.27 மைக்ரோ ஆம்பியர், IC 2.05 மில்லி ஆம்பியர், VCE 5.2 வோல்ட், அழகாக நடுவில் நிற்கிறது. அதே பலகையில் β 400 உள்ள டிரான்சிஸ்டரைச் செருகினால் IC 4.1 மில்லி ஆம்பியர் ஆக வேண்டும். ஆனால் 3.3 கிலோ ஓம் வழியே 12 வோல்ட் சப்ளை அதிகபட்சம் சுமார் 3.6 மில்லி ஆம்பியர்தான் தர முடியும். டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனுக்குப் போய்விடும், VCE 0.2 வோல்ட் அருகே நிற்கும், அவுட்புட் அலை சிதைந்துபோகும். டிரான்சிஸ்டர் பழுதில்லை, ரெசிஸ்டரும் தப்பில்லை. பயாஸ் முறையின் குணமே அது.

4. கலெக்டர்-டு-பேஸ் பயாஸ்

RB-யின் மேல் முனையை VCC-யிலிருந்து எடுத்து கலெக்டரில் மாட்டினால் இந்த முறை. RC அதே 3.3 கிலோ ஓம், RB 470 கிலோ ஓம்.

```
VCC = (IC + IB)·RC + IB·RB + VBE
dIB/dIC = −RC / (RC + RB)
S = (1 + β) / (1 + β·RC/(RC + RB))
```

எண்களைப் போட்டால் RC/(RC+RB) 0.007 அளவு. அதை β-வால் பெருக்கினால் 1.39. ஆக S = 201/2.39, அதாவது சுமார் 84.

"ஃபீட்பேக் இருக்கே, அப்ப ஸ்டெபிலிட்டி நல்லா இருக்கும்தானே?"

இந்தக் கேள்விக்கு "ஆமாம் சார்" என்று தலையாட்டிவிடாதீர்கள். 201-லிருந்து 84-க்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். RB-யோடு ஒப்பிட்டால் RC மிகச் சிறியது என்பதே காரணம். β 400 ஆக மாறினால் IC 1.99-லிருந்து 2.52 மில்லி ஆம்பியர் ஆகும், கலெக்டர் வோல்டேஜ் 3.7 வோல்டுக்கு இறங்கும். சாச்சுரேஷன் தவிர்க்கப்பட்டது, ஆனால் கியூ-பாயின்ட் நகர்ந்துவிட்டது.

இதன் தொடர்ச்சியாக நல்ல தேர்வாளர் கேட்பது: "RC-க்குப் பதிலா டிரான்ஸ்ஃபார்மர் போட்டா?" டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கு டிசி ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. RC கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் S மறுபடியும் 1+β-வை நெருங்கிவிடும். கலெக்டரிலிருந்து எடுத்தும் பயனில்லாமல் போகும். ஏசி சிக்னலும் RB வழியே திரும்பி வந்து கெயினைக் குறைக்கும் என்பது இந்த முறையின் இன்னொரு குறை. அதைத் தவிர்க்க RB-யை இரண்டாகப் பிரித்து, நடுவிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர் போடுவார்கள்.

5. வோல்டேஜ் டிவைடர் பயாஸ்

வைவாவின் பெரும்பகுதி இங்கேதான் ஓடும். உதாரண மதிப்புகள்: R1 33 கிலோ ஓம், R2 10 கிலோ ஓம், RC 2.2 கிலோ ஓம், RE 1 கிலோ ஓம். ஃபிக்ஸட் பயாஸில் 3.3 கிலோ ஓமாக இருந்த RC இங்கே ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். எமிட்டரில் 1 கிலோ ஓம் வந்துவிட்டதால், VCE-யைக் கிட்டத்தட்ட அதே இடத்தில் வைக்க RC-யைக் குறைத்திருக்கிறோம்.

முதலில் தெவனின் சமானம். பேஸிலிருந்து பார்த்தால் வோல்டேஜ் 12 × 10/43 = 2.79 வோல்ட். ரெசிஸ்டன்ஸ் R1-ம் R2-வும் பேரலலாக 7.67 கிலோ ஓம்.

"R1 மேலே VCC-க்குப் போகுது, R2 கீழே கிரவுண்டுக்குப் போகுது. எப்படிப்பா பேரலல்?"

தெவனின் ரெசிஸ்டன்ஸ் பார்க்கும்போது VCC சப்ளையை ஷார்ட் செய்கிறோம். அப்போது R1-ன் மேல் முனையும் கிரவுண்டுதான். இந்த ஒரு வரி பதில் போதும், ஆனால் தயங்காமல் வர வேண்டும்.

```
Vth = IB·Rth + VBE + (IB + IC)·RE
dIB/dIC = −RE / (RE + Rth)
S = (1 + β)·(1 + Rth/RE) / (1 + β + Rth/RE)
```

நம் மதிப்புகளுக்கு Rth/RE 7.67. S = 201 × 8.67 / 208.67, அதாவது 8.4. β 400 ஆனாலும் S 8.5 தான். IC 2.00-லிருந்து 2.05 மில்லி ஆம்பியருக்கு மட்டுமே நகரும். β இரட்டிப்பாகியும் மாற்றம் 2 சதவீதம்! ஃபிக்ஸட் பயாஸில் சாச்சுரேஷனுக்கே போன அதே டிரான்சிஸ்டர் இங்கே இடம் மாறாமல் நிற்கிறது.

வார்த்தையில் விளக்கச் சொன்னால் இந்த வரிசையில் சொல்லுங்கள்: IC ஏறினால் RE-யின் மேல் வோல்டேஜ் ஏறும், பேஸ் வோல்டேஜ் டிவைடரால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே VBE குறையும், IB குறையும், IC பழைய இடத்துக்குத் திரும்பும். "பேஸ் வோல்டேஜ் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது" என்பது Rth சிறிதாக இருந்தால்தான் உண்மை. சூத்திரத்தில் Rth/RE வருவதன் பொருள் இதுவே.

"அப்ப Rth-ஐ இன்னும் குறைச்சு, RE-யை ஏத்தி, S-ஐ 1-க்கே கொண்டுவந்துடலாமே?"

முடியும், ஆனால் விலை உண்டு. R1, R2 குறைந்தால் சிக்னல் சோர்ஸின் மீது பாரம் கூடும், இன்புட் இம்பீடன்ஸ் குறையும், சப்ளையிலிருந்து வீணாக இழுக்கும் கரண்டும் கூடும். RE ஏறினால் 12 வோல்டில் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும், அவுட்புட் அலை ஆடுவதற்கு இடம் குறையும். நடைமுறை அளவு: டிவைடர் வழியே ஓடும் கரண்ட் IB-யைப் போல 10 மடங்காவது இருக்கட்டும், RE-யின் மேல் VCC-யில் ஆறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை விடலாம். நம் சர்க்யூட்டில் டிவைடர் கரண்ட் 0.28 மில்லி ஆம்பியர், IB 10 மைக்ரோ ஆம்பியர், 28 மடங்கு. RE-யின் மேல் 2 வோல்ட்.

இங்கே அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள். ஒன்று, S சூத்திரத்தில் RC-யைப் போட்டுவிடுவது. வோல்டேஜ் டிவைடரின் பேஸ் லூப்பில் RC கிடையாது. மற்றொன்று, "எமிட்டர் பைபாஸ் கெப்பாசிட்டர் போட்டால் S மாறுமா?" என்பதற்கு "மாறும்" என்பது. S முழுக்க டிசி விஷயம், டிசிக்கு கெப்பாசிட்டர் திறந்த சுற்று. கெப்பாசிட்டரை எடுத்தால் கெயின்தான் விழும், S அப்படியே இருக்கும்.

6. பெஞ்சில் S-ஐக் காட்டச் சொன்னால்

ICO-வை நேரடியாக மாற்றிக் காட்டுவது கடினம்; சிலிக்கானில் அது நானோ ஆம்பியர் அளவு. அதற்காகத்தான் 10 மெகா ஓம் ரெசிஸ்டர். அதை VCC-க்கும் பேஸுக்கும் இடையே வைத்தால் சுமார் 1 மைக்ரோ ஆம்பியர் பேஸுக்குள் போகும், லீக்கேஜ் கரண்ட் கூடியது போலவே. இப்படிப் பேஸில் செலுத்திய கரண்டுக்கு IC ஏறும் அளவு S-ல் 1 குறைத்த மடங்கு. அந்த 1 என்பது ICO கலெக்டர் வழியே நேராகப் போகும் பங்கு. இங்கே அது இல்லை.

RC-யின் குறுக்கே மீட்டரை வைத்துவிட்டு ரெசிஸ்டரைத் தொட்டுப் பாருங்கள். ஃபிக்ஸட் பயாஸில் RC-யின் வோல்டேஜ் சுமார் 0.75 வோல்ட் தாவும். கலெக்டர்-டு-பேஸில் 0.3 வோல்ட். வோல்டேஜ் டிவைடரில் 0.015 வோல்ட், 20 வோல்ட் ரேஞ்சில் கடைசி இலக்கம் ஒன்றோ இரண்டோ அசையும். மூன்று S மதிப்புகளையும் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

ஒரு எச்சரிக்கை. பல டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் உள் ரெசிஸ்டன்ஸே 10 மெகா ஓம்தான். ஃபிக்ஸட் பயாஸில் RB-யின் குறுக்கே மீட்டரை வைத்து IB-யைக் கணக்கிட முயன்றால், மீட்டரே பேஸ் கரண்டைக் கூட்டிவிடும்; VCE 5.2-லிருந்து 4.5 வோல்டுக்கு இறங்கும். RB-யின் குறுக்கே அளக்காதீர்கள். RC-யின் குறுக்கே அளந்து, RC-யால் வகுத்து IC எடுங்கள்.

VCE எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக நின்றால் கால்களைப் பாருங்கள். பிசி 547-ன் தட்டையான முகம் உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். கலெக்டரும் எமிட்டரும் மாறிப்போனால் டிரான்சிஸ்டர் எரியாது, ஆனால் β மிகக் குறைந்துவிடும். ஃபிக்ஸட் பயாஸில் இது உடனே தெரியும்.

7. "S குறைந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?"

நல்ல மதிப்பெண் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பதில்: இல்லை, S ஒரு காரணத்தை மட்டுமே அளக்கிறது. VBE மாறுவதற்கு ஒரு ஃபேக்டர், β மாறுவதற்கு ஒரு ஃபேக்டர் தனியே உண்டு. VBE-க்கானதன் அலகு மில்லி ஆம்பியர்/வோல்ட். β-வுக்கானதன் அலகு ஆம்பியர்.

```
S'  = dIC/dVBE = −β / (Rth + (1 + β)·RE)
S'' = dIC/dβ
```

25 டிகிரியிலிருந்து 75 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிப் பாருங்கள். பிசி 547-க்கு டேட்டாஷீட் தரும் அதிகபட்ச லீக்கேஜ் 25 டிகிரியில் 15 நானோ ஆம்பியர். 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்தால் 75 டிகிரியில் 0.48 மைக்ரோ ஆம்பியர். VBE டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் குறையும் என்றால் மொத்தம் 0.1 வோல்ட் குறையும்.

வோல்டேஜ் டிவைடரில் ICO-வால் IC ஏறுவது 4 மைக்ரோ ஆம்பியர். VBE-யால் ஏறுவது 96 மைக்ரோ ஆம்பியர். ஃபிக்ஸட் பயாஸில் ICO-வால் 93, VBE-யால் 18. இரண்டையும் கூட்டினால் இரு சர்க்யூட்டிலும் ஏறக்குறைய 100 முதல் 110 மைக்ரோ ஆம்பியர்! S 201-க்கும் 8.4-க்கும் இவ்வளவு இடைவெளி இருந்தும் இந்தக் கணக்கில் வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் வோல்டேஜ் டிவைடரின் லாபம் எங்கே? β-வில். சூட்டில் β-வும் ஏறும். 25 சதவீதம் ஏறுவதாக வைத்தால், ஃபிக்ஸட் பயாஸில் IC-யும் அதே 25 சதவீதம், அதாவது அரை மில்லி ஆம்பியர் ஏறிவிடும். டிவைடரில் ஏற்றம் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். சிலிக்கானில் IC-யைப் பெரிதும் ஆட்டுவது β-வும் VBE-யும். ஜெர்மானியத்தில் லீக்கேஜ் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் இருப்பதால் அங்கே S தான் முதல் கவலை. 5 மைக்ரோ ஆம்பியர் லீக்கேஜை 201-ஆல் பெருக்கினால் பேஸில் ஒன்றும் கொடுக்காமலே 1 மில்லி ஆம்பியர் ஓடும். இதை உங்கள் எண்களோடு சொன்னால், சூத்திரத்தை மட்டும் ஒப்பிப்பவரிலிருந்து நீங்கள் தனியே தெரிவீர்கள்.

8. கடைசி நிமிடக் கேள்விகள்

"ஸ்டெபிலைசேஷனுக்கும் காம்பன்சேஷனுக்கும் என்ன வித்தியாசம்?" முதலாவதில் ரெசிஸ்டர்களால் ஃபீட்பேக் கொடுத்து IC-யைப் பிடிக்கிறோம். இரண்டாவதில் டயோடு, தெர்மிஸ்டர் போன்று சூட்டுக்கு மாறும் உறுப்பை வைத்து மாற்றத்தை ஈடுகட்டுகிறோம்.

"தெர்மல் ரன்அவே உங்க சர்க்யூட்ல வருமா?" IC ஏறும்போது டிரான்சிஸ்டரில் சூடாக வீணாகும் பவர் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்க வேண்டும். டிவைடர் சர்க்யூட்டில் பவர் என்பது IC-யை VCE-யால் பெருக்கியது, VCE = VCC − IC(RC + RE). இதை வகையிட்டால், VCE என்பது VCC-யில் பாதிக்குக் கீழே இருக்கும்வரை IC ஏறினால் பவர் குறையும் என்று வரும். நம் டிவைடர் சர்க்யூட்டில் VCE 5.6 வோல்ட், பாதி 6 வோல்ட். ஆகவே ரன்அவே தானாகவே தடுக்கப்படுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் லோடு போட்டால் VCE கிட்டத்தட்ட VCC அளவுக்கே நிற்கும், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே RE-யும் ஹீட் சிங்கும் கட்டாயம்.